நெகிழ்ச்சி வினாவில் படிமுறைக்குப் புள்ளி விடுபட்டால்: விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதும் முழு வழிகாட்டி

களுவாஞ்சிகுடியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். அதற்கு முன் கொஞ்சக் காலம் பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்து கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவன். போன தவணை முதலாம் வருடம் படிக்கிற என் மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். “மாமா, எல்லா ஸ்டெப்பும் எழுதியிருக்கன். ஆறுக்கு ஒண்டு போட்டிருக்கார். சேருக்கு மெயில் போடப்போறன்” என்றான். போனில் ஏற்கனவே எழுதியும் வைத்திருந்தான். அதை அனுப்பவிடாமல் நிறுத்தி, இரண்டு நாள் எடுத்து வேறொன்று எழுதினோம். அந்த இரண்டு நாளில் செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அவன் எழுதியிருந்தது:

> சேர், நான் 4வது கேள்விக்கு எல்லா ஸ்டெப்பும் சரியாச் செய்திருக்கன். ஆனா 1 மார்க்தான் வந்திருக்கு. என்ட ஃப்ரெண்டுக்கு இதே மாதிரி எழுதி 5 வந்திருக்கு. தயவுசெய்து திரும்பப் பார்த்து மார்க்கைக் கூட்டித் தாங்க சேர்.

இதை வாசிக்கிற விரிவுரையாளருக்கு எந்தப் பரீட்சை, எந்தப் பகுதி, எந்தப் பக்கம் என்று ஒன்றும் தெரியாது. “எல்லாம் சரி” என்று எழுதியிருக்கிறான், ஆனால் அவன் விடையே பிழை. நண்பனை இழுத்ததால் இனி இரண்டு தாளைத் தேடி எடுக்க வேண்டும். இரண்டாவது தாளில் கூடக் கொடுத்தது தெரியவந்தால் குறைவது நண்பனின் புள்ளி. இன்னொன்றும் உண்டு. நம் பாடத்தில் ‘கேள்வி’ என்றால் சந்தைக் கேள்வி. நெகிழ்ச்சியைப் பற்றிய கடிதத்தில் “4வது கேள்வி” என்று எழுதினால் வாசிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். பரீட்சையில் இருப்பதை ‘வினா’ என்றே எழுதுங்கள்.

முதலில் வினாவை நீங்களே திரும்பச் செய்யுங்கள்

கோபம் ஆறியபிறகு, வெள்ளைத் தாளில், விடைத்தாளைப் பார்க்காமல் செய்ய வேண்டும். மருமகனின் வினா இப்படி இருந்தது: தயிர்ச்சட்டி ஒன்றின் விலை 400 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்ந்தபோது, ஒரு கடையின் வார விற்பனை 220 சட்டியிலிருந்து 180 சட்டியாகக் குறைந்தது. (i) நடுப்புள்ளி முறையில் கேள்வியின் விலை நெகிழ்ச்சியைக் கணித்து அதன் வகையைக் கூறுக, 6 புள்ளி. (ii) மொத்த வருமானத்துக்கு என்ன நடந்தது என்று விளக்குக, 4 புள்ளி.

நடுப்புள்ளி முறையில் இரண்டு அளவுகளின் சராசரியை அடிப்படையாக எடுப்போம். தொகை 40 குறைந்தது, சராசரித் தொகை 200, எனவே மாற்றம் −20%. விலை 100 கூடியது, சராசரி விலை 450, எனவே மாற்றம் 22.22%. ஒன்றை மற்றதால் வகுத்தால் −0.9. குறியை விட்டுப் பார்த்தால் ஒன்றைவிடக் குறைவு, ஆகவே நெகிழ்ச்சியற்ற கேள்வி.

இதே இலக்கங்களை வேறு அடிப்படையில் செய்தால் வேறு விடை வரும். அதையும் செய்து பார்க்க வேண்டும், ஏன் என்று பின்னால் தெரியும். தொடக்க அளவுகளை மட்டும் அடிப்படையாக எடுத்தால் 40/220 என்பது 18.18%, 100/400 என்பது 25%, நெகிழ்ச்சி −0.73. முடிவு அளவுகளை அடிப்படையாக எடுத்தால் 40/180 என்பது 22.22%, 100/500 என்பது 20%, நெகிழ்ச்சி −1.11. ஒரே தயிர், ஒரே கடை. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் நெகிழ்ச்சியற்றது, மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நெகிழ்ச்சியுடையது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் நடுப்புள்ளி முறையே வந்தது. வினாவில் “நடுப்புள்ளி முறையில்” என்று இருந்து, நீங்கள் −0.73 அல்லது −1.11 எழுதியிருந்தால், உங்கள் படிகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கேட்ட முறை அதுவல்ல. அப்படியானால் மின்னஞ்சலை மறந்துவிடுங்கள்.

மருமகன் எழுதியது வேறு மாதிரி. சதவீதங்களைத் தனித்தனியாக எடுக்காமல் ஒரே சூத்திரமாகச் செய்திருந்தான்:

```
E = (ΔQ/ΔP) × (P1+P2)/(Q1+Q2)
  = (−40/100) × (900/400)
  = −0.4 × 2.75
  = −1.1
```

சூத்திரம் சரி. சராசரி எடுக்கும்போது மேலேயும் கீழேயும் வருகிற 2 வெட்டுப்பட்டுப் போவதால் கூட்டுத்தொகையே போதும். பிரதியிடலும் சரி. மூன்றாம் வரியில்தான் கை தவறியிருக்கிறது. 900/400 என்பது 2.25, அவன் 2.75 என்று எழுதிவிட்டான். 2.25 என்று எழுதியிருந்தால் −0.9 வந்திருக்கும். அந்த ஒரு வகுத்தல் பிழையால் விடை ஒன்றைத் தாண்டி, ‘நெகிழ்ச்சியுடைய கேள்வி’ என்ற முடிவுக்குப் போய்விட்டது.

கவனிக்கவில்லையா, ஏற்கவில்லையா

அதிகம் பேர் தாண்டிப் போகிற இடம் இது. ஒரு படிக்குப் புள்ளி வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். திருத்தியவர் அதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம், அல்லது பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்திருக்கலாம். முதலாவதுக்குக் கேட்கலாம். இரண்டாவதுக்கு நியாயம் இருந்தால் மட்டும்தான் கேட்கலாம். எது நடந்தது என்பதைச் சிவப்பு மையே சொல்லும்.

தொடர்மதிப்பீட்டு விடைத்தாளைப் பல இடங்களில் வகுப்பில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மொத்தப் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பதிலேயே பிள்ளைகளின் நேரம் போய்விடும். அதோடு நிறுத்தாமல் மூன்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள்: உங்கள் படி எந்தப் பக்கத்தில், எத்தனையாம் வரியில் இருக்கிறது, அதன் பக்கத்தில் சரியோ பிழையோ கோடோ ஏதாவது அடையாளம் இருக்கிறதா, புள்ளி எந்த வரிக்கு நேரே எழுதப்பட்டிருக்கிறது. படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். கேளாமல் எடுத்த படத்தை மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பினால் பேச்சு புள்ளியை விட்டுப் படத்துக்குப் போய்விடும்.

“அந்த வரிகளுக்குப் பக்கத்தில என்ன இருந்தது?” என்று மருமகனைக் கேட்டேன்.

“ஒண்டும் இல்ல மாமா. சூத்திரமும் பிரதியிட்டதும் ஆறாம் பக்கத்துக் கடைசி ரெண்டு வரி. மற்றதெல்லாம் ஏழாம் பக்கம். அந்த ஒண்டு ‘நெகிழ்ச்சியுடைய கேள்வி’ எண்டு எழுதின இடத்தில கிடக்கு.”

“ஆறாம் பக்கத்தில வேற வினாவுக்குச் சிவப்பு இருந்ததா?”

“ஓம், மேல மூண்டாம் வினா முடியிற இடத்தில.”

இதைக் கேட்டதும் எனக்குப் படம் புரிந்துவிட்டது. திருத்துகிறவர் ஆறாம் பக்கத்தில் மூன்றாம் வினாவை முடித்துவிட்டுத் தாளைப் புரட்டியிருக்கிறார். ஏழாம் பக்கத்தில் −1.1 நிற்கிறது. நூறு தாள் திருத்துகிறவருக்குப் பொதுவான பிழை விடைகள் மனப்பாடமாகிவிடும். −1.11 என்பது முடிவு அளவுகளை அடிப்படையாக எடுத்த பிள்ளையின் விடை. −1.1 என்பதைக் கண்டால் அதைத்தான் தசமத்தில் வெட்டி எழுதியிருக்கிறான் என்று நினைப்பது இயல்பு. முறையே பிழை என்று எடுத்துக்கொண்டு, எழுதிய விடைக்குப் பொருத்தமாக வகை சொன்னதற்கு மட்டும் ஒரு புள்ளி போட்டிருக்கிறார். இது என் ஊகம்தான், ஆனால் நானே திருத்தும்போது இப்படிச் செய்திருக்கிறேன். ஒரு பிழை விடைக்கு இரண்டு வழி இருக்கலாம் என்பது மூன்றாவது கட்டுத் தாளில் மறந்துபோகும்.

இந்த ஊகத்தை மின்னஞ்சலில் எழுதக்கூடாது. “நீங்கள் அவசரத்தில் பக்கத்தைப் புரட்டிவிட்டீர்கள்” என்று எவருக்கும் எழுத ஏலாது. ஆனால் எந்த விவரத்தைக் கொடுத்தால் அந்தத் தவறு தானாகத் திருந்தும் என்பதை ஊகம் காட்டிக்கொடுக்கிறது. ஒன்று, படிகள் இருக்கும் பக்கம். மற்றது, −1.1 எப்படி வந்தது என்பது.

எவ்வளவு கேட்கலாம்

விரிவுரையாளர் தாள் காட்டிய நாளில் புள்ளித் திட்டத்தைப் பலகையில் எழுதியிருந்தார். (i)க்குச் சூத்திரம் 2, பிரதியிடல் 2, சரியான பெறுமானம் 1, வகை 1. மருமகனுக்குக் கிடைத்த 1 வகைக்குரியது. பெறுமானத்துக்குரிய 1 அவனுக்கு இல்லை, அதில் பேச்சே இல்லை. விடுபட்டதாகத் தெரிவது சூத்திரமும் பிரதியிடலும், மொத்தம் 4.

அவன் அதோடு நிற்கவில்லை. (ii)யிலும் நாலுக்கு ஒன்றுதான் வந்திருந்தது. “என்ட விடைப்படி அது நெகிழ்ச்சியுடையது, அப்ப விலை கூடினால் வருமானம் குறையும் எண்டுதானே எழுதோணும்? முதல் பிழைக்கு ரெண்டு தரம் வெட்டுறது நியாயமா?” என்றான்.

வாதம் வெறுமனே இல்லை. முன்னால் நடந்த ஒரு கணக்குப் பிழை பின்னால் தொடர்ந்து வந்தால், அதற்கு ஒருமுறை மட்டும் புள்ளி குறைப்பது பலர் கடைப்பிடிக்கிற வழக்கம்தான். ஆனால் இந்த வினாவில் அது நிற்காது. மொத்த வருமானத்தை நெகிழ்ச்சி இல்லாமலே தரவிலிருந்து கணிக்கலாம். 400ஐ 220ஆல் பெருக்கினால் 88,000 ரூபாய். 500ஐ 180ஆல் பெருக்கினால் 90,000 ரூபாய். வருமானம் 2,000 ரூபாயால் கூடியிருக்கிறது. அவன் குறைந்தது என்று எழுதியிருக்கிறான். இந்த இரண்டு பெருக்கலைப் பரீட்சையிலேயே செய்திருந்தால் −1.1 பிழை என்று அங்கேயே பிடிபட்டிருக்கும். விலை கூடி வருமானமும் கூடினால் கேள்வி நெகிழ்ச்சியற்றதாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே (ii)யை விட்டுவிடச் சொன்னேன். வலுவான வேண்டுகோளோடு வலுவில்லாத ஒன்றைக் கட்டி அனுப்பினால், வாசிப்பவர் வலுவில்லாததற்குப் பதில் எழுதிவிட்டு மற்றதை மேலோட்டமாகப் பார்ப்பார்.

புள்ளித் திட்டம் காட்டப்படாவிட்டால் இலக்கம் கேட்காதீர்கள். “இந்தப் படிகளுக்குரிய புள்ளி” என்று மட்டும் எழுதுங்கள்.

அனுப்பும் முன் இரண்டு எச்சரிக்கை

இந்த வழி தொடர்மதிப்பீட்டுக்குத்தான், மாணவர் வாயில் ‘இன்கோர்ஸ்’ என்று அழைக்கப்படுவதற்கு. புள்ளி இன்னும் விரிவுரையாளர் கையில் இருக்கும் காலம் அது. அரையாண்டு இறுதிப் பரீட்சையின் பெறுபேறு வெளியானபின் அவருக்கு எழுதிப் பயனில்லை, அவர் நினைத்தாலும் தனியாக மாற்ற ஏலாது. அதற்குப் பரீட்சைக் கிளை, விண்ணப்பம், கட்டணம், முடிவுத் திகதி என்று வேறு பாதை இருக்கும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ நீங்கள் எங்கே படித்தாலும் மாணவர் கைநூலில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

மற்றது, திரும்பப் பார்த்தால் புள்ளி கூடத்தான் வேண்டும் என்றில்லை. அந்த வினாவை முழுக்கப் பார்க்கும்போது முன்பு தாராளமாகப் போட்ட ஒன்று கண்ணில் படலாம். மருமகனுக்கு வகைக்குக் கிடைத்த 1 அப்படிப்பட்டதுதான். சரியான விடை நெகிழ்ச்சியற்றது, அவன் எழுதியது நெகிழ்ச்சியுடையது. அது போனாலும் 4 வந்தால் லாபம் என்று கணக்குப் பார்த்துத்தான் அனுப்பினோம். உங்கள் கணக்கையும் இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல்

பல்கலைக்கழகம் தந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். பள்ளிக்கூடக் காலத்தில் திறந்த, பெயருக்குப் பின்னால் கிரிக்கெட் வீரரின் இலக்கம் ஒட்டிய முகவரி வேண்டாம். பொருள் வரியில் பாடம், வினா இலக்கம், சுட்டிலக்கம் மூன்றும் இருந்தால் அவர் கட்டிலிருந்து தாளை எடுக்க அதுவே போதும்.

> பொருள்: பொருளியல் தொடர்மதிப்பீடு – வினா 4(ஆ)(i) – படிமுறைப் புள்ளி மீள்பார்வை – சுட்டிலக்கம் ______
>
> மதிப்பிற்குரிய சேர்,
>
> நான் முதலாம் வருடப் பொருளியல் மாணவன். கடந்த செவ்வாய்க்கிழமை வகுப்பில் விடைத்தாளைப் பார்க்க வாய்ப்புத் தந்தமைக்கு நன்றி.
>
> வினா 4(ஆ)(i)இல் எனக்கு 6க்கு 1 புள்ளி கிடைத்துள்ளது. என் இறுதி விடை −1.1 பிழையானது என்பதை உணர்கிறேன். சரியான விடை −0.9. 900/400 என்பதை 2.25 என்று எழுதுவதற்குப் பதிலாக 2.75 என்று எழுதியதால் இந்தப் பிழை ஏற்பட்டது.
>
> இந்த விடைக்கான நடுப்புள்ளிச் சூத்திரமும் பிரதியிடலும் 6ஆம் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகளில் உள்ளன. விடையின் மீதி 7ஆம் பக்கத்தில் தொடர்கிறது. சதவீத மாற்றங்களைத் தனித்தனியாக எழுதாமல், விலைகளின் கூட்டுத்தொகையையும் தொகைகளின் கூட்டுத்தொகையையும் நேரடியாகப் பிரதியிட்டுள்ளேன்:
>
> (−40/100) × (900/400)
>
> நீங்கள் விளக்கிய புள்ளித் திட்டத்தின்படி சூத்திரத்துக்கும் பிரதியிடலுக்கும் உரிய புள்ளி இந்த இரண்டு வரிகளுக்கும் பொருந்துமா என்பதை ஒருமுறை பார்க்க முடியுமா? பொருந்தாவிட்டால், அடுத்த பரீட்சையில் எந்த வடிவில் எழுத வேண்டும் என்று அறிய விரும்புகிறேன்.
>
> நேரில் வருவது வசதியானால், நீங்கள் சொல்லும் நேரத்தில் வருகிறேன்.
>
> இங்ஙனம்,
> (முழுப்பெயர்)
> சுட்டிலக்கம், குழு

இதில் பிழையை முதலிலேயே ஒத்துக்கொண்டதற்குக் காரணம் பணிவு மட்டுமல்ல. 2.75 எங்கிருந்து வந்தது என்று எழுதியதும், −1.1 முடிவு அளவை அடிப்படையாக எடுத்து வந்த விடை அல்ல என்பது யாரையும் குற்றம் சொல்லாமலே தெளிவாகிவிடுகிறது. “தொடர்கிறது” என்ற ஒரு சொல் பக்கத்தைப் புரட்டிய கதையைச் சொல்லிவிடுகிறது. நெகிழ்ச்சி என்றால் என்ன, நடுப்புள்ளி முறை ஏன் நல்லது என்றெல்லாம் மருமகன் ஒரு பந்தி எழுதியிருந்தான். படிப்பித்தவருக்கே பாடம் எடுக்கிற அந்தப் பந்தியை வெட்டினோம். வீட்டு நிலைமை, புலமைப்பரிசில், வகுப்புச் சித்திக்கு இந்த நாலு புள்ளி எவ்வளவு முக்கியம் என்பதும் வேண்டாம். அவை உண்மையாகவே இருந்தாலும் 6ஆம் பக்கத்தில் எழுதியிருப்பதை மாற்றாது.

இரவு பதினொரு மணிக்கு அனுப்பாமல் அடுத்த நாள் காலை அனுப்பினான். பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து, அதே மின்னஞ்சலின் கீழே இரண்டு வரியில் நினைவூட்டலாம். துறைத்தலைவருக்குப் பிரதி போடுவது அதற்கும் பதில் இல்லாதபோதுதான். முதல் மின்னஞ்சலிலேயே போட்டால் அது முறைப்பாடாகிவிடும்.

நாலாம் நாள் பதில் வந்தது. சூத்திரத்துக்கு 2, பிரதியிடலுக்கு 1, பழைய 1 அப்படியே, மொத்தம் 4. பிரதியிடலில் ஒன்று குறைந்ததற்கும் காரணம் எழுதியிருந்தார். 900, 400 என்று கூட்டி எழுதியிருக்கிறாய், 400+500, 220+180 என்று காட்டவில்லை, எது விலை எது தொகை என்று தாளில் தெரியவில்லை என்பது. அதுவும் 400 என்ற இலக்கம் இந்த வினாவில் பழைய விலையாகவும் இருக்கிறது, தொகைகளின் கூட்டாகவும் வருகிறது. திருத்துகிறவர் தயங்கினால் பிழை சொல்ல ஏலாது.

“அந்த ஒண்டையும் கேப்பமா மாமா?” என்றான் மருமகன். போனை வாங்கி நானே தட்டினேன்: “மிக்க நன்றி சேர். கூட்டலையும் காட்டி எழுதுகிறேன்.” கீழே அவன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.